எண்பத்தாறு நிமிட ஞாயிறு

புள்ளியியல் அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன் நான். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கும் அதே தொழில்தான். அதனால் எங்கள் சண்டைகூடக் கணக்காகவே வரும். வீட்டுக்கு வெளியே ஆரியசாலைக் கடைத்தெருவில் லாரிகள் சரக்கிறக்கும் சத்தத்துக்கு மேலாக, போன ஞாயிற்றுக்கிழமை போனில் குறைபட்டுக்கொண்டேன்.

“ஏழு வாரமா நீ சரியாப் பேசறதில்லை.”

“சராசரி பதினேழு நிமிஷம் அப்பா. நானும் குறிச்சு வெச்சிருக்கேன், கேட்டோ.”

“சராசரியா? அஞ்சு, ஆறு, நாலு, ஆறு, ஏழு, அஞ்சு, ஒரு தடவை எண்பத்தாறு. வரிசையா வெச்சா நடுவில ஆறு. அதுலேர்ந்து ஒவ்வொண்ணும் எவ்வளவு விலகியிருக்குன்னு பாரு. அந்த விலகல்களை வரிசையா வெச்சா நடுவில ஒரே ஒரு நிமிஷம்தான். எண்பத்தாறு ஒட்டவே ஒட்டாது.”

“சரி, பெரிசுல ஒண்ணு, சின்னதுல ஒண்ணு வெட்டிட்டு சராசரி எடுங்கோ.”

“வெட்டினா சராசரி அஞ்சே முக்காலுக்குக் கொஞ்சம் மேல. பதினேழு எங்கே போச்சு?”

“அப்போ அதை அழிச்சுடட்டுமா?”

“அழிக்காதே. அது பிழையில்லை, நடந்தது.”

அந்த எண்பத்தாறு நிமிட ஞாயிறன்று அவளுக்குக் காய்ச்சல். அறையில் தனியாக இருந்தாள். கஞ்சி வைக்கும் விதத்தைச் சொல்லச் சொன்னாள். குடித்து முடித்த பிறகும், தூக்கம் வரும்வரை போனை வைக்காதீர்கள் என்றாள். அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். மீட்டிங் இருக்கிறது என்று அவள் வைத்துவிட்டாள். ஏழு நிமிடம்.

இந்த ஞாயிறும் காத்திருக்கிறேன். அவளுக்கு இன்னொரு காய்ச்சல் வரட்டும் என்று எந்த அப்பனாவது நினைப்பானா? நினைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.