சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு

பினாங்கில், கெலுகோர் சமூக மண்டபத்தில் வாரம் இரண்டு நாள் எங்களுக்கு மின்னஞ்சல் வகுப்பு. ஒன்பது பெண்கள். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான் ஒருத்திதான் என்பதால் கடைசி வரிசையில் உட்காருவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டீச்சர் ஒரு பயிற்சி கொடுத்தார். வகுப்புத் தோழிகளைப் பிறந்தநாளுக்கு அழைத்து எழுத வேண்டும். தலைப்பு, நாள், நேரம், இடம், எந்த நாளுக்குள் பதில் என்று எல்லாம் இருக்க வேண்டும்.

எனக்கு அந்தச் சனிக்கிழமை எழுபது வயது. யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. வாயால் வராதது விரலால் வரட்டும் என்று, மாலை ஐந்து மணி, என் வீட்டு விலாசம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் என உள்ளபடியே எழுதி, எட்டு பேருக்கும் அனுப்பிவிட்டேன். எதுவும் விட்டுப்போகவில்லை என்று டீச்சர் பாராட்டினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் எனக்கும் எட்டு அழைப்புகள். ஒருத்தி கடற்கரை ஹோட்டலில் விருந்து வைக்கிறாள், இன்னொருத்தி கப்பலில். எல்லாம் கற்பனை. என்னுடையதையும் அப்படித்தானே நினைப்பார்கள்?

மூன்று நாள் நிலைகொள்ளவில்லை. சோறு வடிக்கும்போதும் ஃபோனைத் திறந்து பார்த்தேன். பதில் ஒன்றும் இல்லை. கூப்பிட்டு, அது நிஜம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, அனுப்பிய கடிதத்தைத் திறந்து, 'எல்லோருக்கும் பதில்' என்ற பொத்தானை அழுத்தினேன். 'நிஜம்' என்று எழுதக் கூச்சமாக இருந்தது. அதனால் இப்படி எழுதினேன்: லிஃப்ட் எட்டாம் மாடியில்தான் நிற்கும், ஒரு மாடி நடந்து ஏற வேண்டும். நான் கத்தோலிக்கப் பெண், என் சட்டியில் சாப்பிட முஸ்லிம் சகோதரிகள் தயங்கக்கூடும், ஆகவே பிரியாணி சூலியா தெரு முஸ்லிம் கடையிலிருந்து வருகிறது, தட்டும் காகிதத் தட்டுதான். பன்னிரண்டு மணிக்குள் கடைக்கு எண்ணிக்கை சொல்ல வேண்டும்.

அரை மணி நேரத்தில் ஃபோன் அடித்தது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும், முக்காடு போட்ட பெண்.

"அக்கா, இது பாடமா, நெசமா?"

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"பாடத்துக்கு யாராச்சும் பிரியாணிக்குக் கணக்குக் கேப்பாங்களா? சொல்லுங்கக்கா."

"நெசந்தாம்மா."

"வகுப்புல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. நான் ஏதோ நாடகம்னு நெனச்சு, நல்லாருக்குன்னு சிரிச்சிட்டு மூடிட்டேன்."

கடைக்கு நான் சொல்ல வேண்டாம், தன் தம்பியின் பிரியாணிக் கடையிலேயே வாங்கி வந்துவிடுவதாகச் சொன்னாள். சற்று நேரத்தில் அவளும் எல்லோருக்கும் ஒரு வரி எழுதினாள்: அக்கா பிறந்தநாள் நிஜம், வாங்க. அதன்பின் வரிசையாகப் பதில்கள்.

சனிக்கிழமை நாலே முக்காலுக்கே கதவைத் திறந்து வைத்துவிட்டு, மூடினேன். மறுபடி திறந்தேன். படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"ஒரு மாடின்னு எழுதினாங்க, எத்தனை படின்னு எழுதலயே," என்று யாரோ சலித்துக்கொண்டே ஏறி வந்தார்கள்.