பத்து ராத்தல், பத்து கிலோ

அந்தத் தகரப் பலகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பச்சை எனாமல் பூசி, மஞ்சளில் எழுதி, நான்கு மூலையிலும் பூ வேறு போட்டிருந்தார்கள்.

அறுபதுகளின் கடைசியில், திருப்பூரில் பனியன் துணியை வெளுத்துக் காயவைத்துக் கொடுக்கும் ஒரு ஆலையில் வரைபடக்காரனாக இருந்தேன். வெளுத்த துணி, உள்ளே நீராவி ஓடும் ஒரு பெரிய செம்பு உருளையின்மேல் சுற்றி வந்து காய்ந்து மடியும். அந்த மெஷினோடு பம்பாயிலிருந்து வந்த வரைபடம் முழுக்க ஆங்கிலம். ஓட்டுகிற அண்ணனுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். சாமளாபுரத்தில் தறி ஓட்டிவிட்டு எங்களிடம் வந்தவர், நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். “படத்தைத் தமிழ்ல போட்டுக் குடுப்பா, மெஷின் பக்கத்துல மாட்டிக்கலாம்” என்றார் முதலாளி.

எனக்கு அது பிடித்த வேலை. நீராவி வரும் குழாய், தண்ணீர் கழியும் குழாய், காப்பு வால்வு என்று ஒவ்வொரு பெயரையும் அந்த அண்ணனிடமே வாசிக்கச் சொல்லி, அவருக்குப் புரிகிறதா என்று பார்த்து எழுதினேன். குறிகளை மட்டும் தொடவில்லை. வால்வுக்கு இரண்டு முக்கோணம் முனையோடு முனை முட்டி நிற்கும். அவர் அதை ‘உடுக்கை’ என்பார். வட்டத்துக்குள் P இருந்தால் அழுத்தம் காட்டும் கேஜ். குழாயின் குறுக்களவுக்கு Ø. காப்பு வால்வின் பக்கத்தில் 10 lb/in² என்று இருந்தது, சதுர அங்குலத்துக்குப் பத்து ராத்தல் அழுத்தம்; அதைத் தாண்டினால் வால்வு தானே திறந்து ஆவியை வெளியே விடும். அதையும் அப்படியே விட்டேன். அதே எழுத்துதான் மெஷினில் அடித்த பித்தளைத் தகட்டிலும், கேஜின் முகத்திலும் இருந்தது. படத்தில் இருப்பதும் இரும்பில் இருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் படத்துக்கு மரியாதை. சொல் நம்முடையதாக இருக்கலாம், அளவு மெஷினுடையது.

முதலாளியின் மச்சினன்தான் மேனேஜர். மேடை கிடைத்தால் அங்கே தமிழ் முழக்கம், கிடைக்காவிட்டால் எங்களிடம். என் தாளைத் தூக்கிப் பிடித்து உதட்டைப் பிதுக்கினார்.

“என்ன தம்பி, பாதி இங்கிலீசாவே கெடக்குது?”

“அது அலகுங்க. மாத்தக் கூடாதுங்க.”

“ராத்தல் எல்லாம் ஒழிஞ்சு போச்சு, தெரியுமா? மளிகைக் கடையில கூட இப்போ கிலோதான். பத்து கிலோன்னு போடு.”

“பத்து ராத்தல் வேறைங்க, பத்து கிலோ வேறைங்க. மாத்துனா நம்பரும் மாறோணுமுங்க. ஒரு கிலோகூட வராதுங்க.”

“பத்துங்கறது பத்துதான். எனக்குக் கணக்குச் சொல்லித் தர வராதே.”

நான் மாட்டேன் என்றேன். அவர் தாளைக் கொண்டுபோய் போர்டு எழுதுகிற ஆளிடம் கொடுத்துவிட்டார். பலகை வந்தது. காப்பு வால்வின் பக்கத்தில், எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், ‘10 கிலோ’. கீழே ‘தமிழாக்கம்’ என்று மேனேஜர் பெயர்.

பார்த்ததுமே முதலாளியிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. எனக்கு ரோஷம். அவனே எழுதினான், அவனே படட்டும் என்று இருந்தேன். கூடவே ஒரு சப்பைக்கட்டும் சொல்லிக்கொண்டேன். கேஜ் பழசு, ராத்தலில் காட்டுவது, முள் பத்தில் நின்றால் சரிதானே, பலகை என்ன எழவைச் சொன்னால் என்ன? அப்படி நினைத்த புத்தியை என்ன சொல்லித் திட்டுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

சில வாரத்தில் பழைய கேஜ் கண்ணாடி உடைந்து நின்றுபோனது. மேனேஜர் கோயம்புத்தூர் போய்ப் புதிது வாங்கி வந்து மாட்டச் சொன்னார். அது kg/cm² கேஜ், சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று பதினாறு வரை காட்டுவது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் பலகையின் மேல் இருந்த வெறுப்பில் அந்தப் பக்கமே போவதில்லை.

அந்த அண்ணன் பலகையைப் பார்த்தார், பத்து. கேஜைப் பார்த்தார், முள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அதற்குள் காப்பு வால்வு சீறி ஆவியை வெளியே தள்ளுகிறது. பலகை பொய் சொல்லாது, முதலாளி வீட்டு ஆள் மாட்டியது. அப்படியென்றால் வால்வுதான் கெட்டுப்போயிருக்க வேண்டும். நூல் கிடங்கிலிருந்து ஐந்து கிலோ படிக்கல்லைக் கொண்டுவந்து, வால்வின் கைப்பிடியில் கயிறு போட்டுத் தொங்கவிட்டார். சீறல் நின்றது. நீராவி வால்வை இன்னும் திறந்தார்.

என் மேஜை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சீறல் திடீரென்று கேட்கவில்லையே என்றுதான் நான் போய்ப் பார்த்தேன். முள் மூன்றைத் தாண்டியிருந்தது. மூன்று கிலோ என்றால் நாற்பது ராத்தலுக்கு மேல், பத்து ராத்தலுக்குச் செய்த உருளையில். உருளையின் பக்கவாட்டு மூடி லேசாக உப்பியிருந்தது.

“இன்னும் ஏழு வரோணுமுங்க தம்பி” என்றார், பெருமையாக.

நான் ஓடிப்போய் நீராவி வருவதை மூடினேன். மூடி முடிப்பதற்குள் உருளையின் விளிம்பு ஓர் இடத்தில் பிளந்து ஆவி பீறிட்டது. அந்தப் பக்கம் நின்றவர் அவர்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வெந்துபோனது. உயிர் போகவில்லை. அதற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை, மனிதர்கள் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாளே தீர்ப்பு. காப்பு வால்வில் கல்லைக் கட்டியது யார்? அவர். அப்படியென்றால் வேலையிலிருந்து போவதும் அவர்தான். மேனேஜர் இன்னொன்றும் சொன்னார். “தமிழ்ல எழுதுனா இப்படித்தானுங்க மாமா ஆகும். மெஷின் விசயத்துக்கு இங்கிலீசுதான் சரி.” சொன்ன வாய் கூசவே இல்லை. பலகையை அன்றைக்கே கழற்றி எங்கோ போட்டுவிட்டார்கள். காப்பி அடித்த நோட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு, வாத்தியார் சரியில்லை என்கிற ஜாதி.

கையில் கட்டோடு அண்ணன் ஆலைக்கு வந்தார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“ஏனுங்க தம்பி, பலகையில பத்து கிலோன்னுதானுங்க இருந்துது? நாந்தான் தப்பாப் படிச்சுட்டனுங்களா?”

“இல்லீங்கண்ணா. நீங்க படிச்சது சரிதானுங்க. எழுதுனதுதான் தப்பு.”

“அதை மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க சாமி. அது போதுமுங்க எனக்கு.”

என் மேஜையில் நான் தமிழில் போட்ட படத்தின் நகல் இருந்தது, 10 lb/in² என்று என் கையெழுத்திலேயே. அதை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குள் போனேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். புரியாத மனிதர் இல்லை.

“செரி. பலகை மாட்டுனப்போ நீ பார்த்தியா?”

“பார்த்தனுங்க.”

“தப்புன்னு தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

அவர் தாளை நான்காக மடித்தார். “இதை வெளியில எடுத்தா மூணு பேர்த்தையும் அனுப்போணும். என் மச்சினனை நான் அனுப்ப மாட்டேன். மீதி ரெண்டு பேர். நீயே சொல்லு, ஒருத்தன் போறதா, ரெண்டு பேரும் போறதா?” தாளைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் வெறுங்கையோடு வெளியே வந்தேன். அண்ணன் கதவுக்கு எதிரிலேயே நின்றிருந்தார், கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு.

“சொன்னீங்களா தம்பி?”

“மொதலாளி வெளியூரு போயிட்டாருங்கண்ணா” என்றேன். உள்ளே அவர் யாரையோ கூப்பிட்டு டீ கொண்டுவரச் சொல்வது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. அண்ணன் தலையை ஆட்டிவிட்டு, “சரிங்க தம்பி” என்று கேட்டைப் பார்த்து நடந்தார்.