வள்ளி சீட்டு

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நான் கிளி ஜோசியம் பார்த்த காலம். ஒருநாள் ஓர் அம்மா தனியாக வந்தாள். "எம்மக கூட வேலை பாக்குறவனத்தான் கட்டுவேங்குறாண்ணே. நாளைக்குக் கூட்டியாரேன். எந்தம்பியக் கட்டுற மாதிரி சீட்டு வரணும்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கிளி என்ன, அவள் வீட்டு வேலைக்காரியா?

மறுநாள் இருவரும் வந்தார்கள். மகளின் பெயரைச் சொல்லிக் கிளியைக் கூப்பிட்டேன். அது சீட்டுகளை ஒவ்வொன்றாக அலகால் உருவிப் போட்டது. நான் விரலிடுக்கில் நெல்லைக் காட்டும்போது எந்தச் சீட்டு அலகில் இருக்கிறதோ, அதோடு நின்றுவிடும். அதுதான் தொழில். சீட்டு அடுக்கும் எனக்கு மனப்பாடம்.

அப்பன் பார்த்துக் கட்டிக்கொடுத்த தெய்வானை சீட்டு வந்தது, விட்டுவிட்டேன். வள்ளி சீட்டு வந்ததும் நெல்லைக் காட்டினேன்.

"வள்ளி, மனசுக்குப் பிடிச்சவரோட போனவ. பொண்ணு நெனச்சதுதான் நடக்கும்."

"இன்னொருக்கா எடுக்கச் சொல்லுங்க!" அம்மா கத்தினாள்.

"ஒரு கேள்விக்கு ஒரு சீட்டுத்தான், தாயி." கூண்டைச் சாத்தினேன்.

எனக்கு நன்றி சொல்வாள் என்று மகளைப் பார்த்தேன். அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள்.

"தெய்வானை வந்திருந்தாலும் நான் அவரத்தான் கட்டுவேண்ணே."