நேரில் தெரிவிக்கப்படும்

பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பத்ரிக்கு, ஹப்சிகுடா வீட்டில் இரண்டு நாளாக இருப்புக் கொள்ளவில்லை. பங்குகளை வாங்கி விற்கத் தாமே ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அதைத் தம் கணக்கோடு இணைக்க ஏபிஐ அனுமதி கேட்டு, புரோக்கரின் தொழில்நுட்பக் குழுவுக்கு மெயில் அனுப்பியிருந்தார். சொந்த உபயோகம் மட்டுமே, நொடிக்கு இரண்டு ஆர்டருக்கு மேல் போகாது என்றெல்லாம் விவரமாகத்தான் எழுதியிருந்தார். பதிலைத்தான் காணோம். போனை எடுப்பதும் வைப்பதுமாக ஹாலை அளந்துகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை பதில் வந்தது. “உங்கள் இணைப்பின் மாறாத ஐபி எண்ணைக் கேட்ட இடத்தில் ‘நேரில் தெரிவிக்கப்படும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணைப் பதிவு செய்யாவிட்டால் உங்கள் புரோகிராம் அனுப்பும் ஆர்டர் எதையும் எங்கள் சர்வர் ஏற்காது.”

“முன்பின் தெரியாதவனுக்கு நெட்வொர்க் விவரத்தை மெயில்ல எழுதறதா? நக்கோ, அதெல்லாம் முடியாது!” என்று பத்ரி குதித்தார்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி கல்பகம் நிமிரவே இல்லை. “முப்பது வருஷமா ஆபீஸ்ல என்ன பண்றேள்னு எனக்கே சொல்லலை. இவாளுக்காவது சொல்லித் தொலைங்கோ.”

பத்ரி மேஜை முன் போய் உட்கார்ந்தார். லேப்டாப்பை அவளுக்குத் தெரியாதபடி திருப்பி வைத்துக்கொண்டுதான் அந்த எண்ணை அடித்தார்.