அம்மா வாங்காத தையல் மெஷின்

என் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் ஆபரேஷனுக்காக அடகு வைத்த இரட்டைவடச் சங்கிலியை மீட்க, கொச்சி மட்டாஞ்சேரி வங்கிக்கு அம்மாவோடு போனேன். பணம் கட்டியாயிற்று. நகை மட்டும் வரவில்லை. அம்மாவின் பெயரில் தையல் மெஷின் கடன் பாக்கி இருக்கிறதாம். அதை அடைக்கும்வரை நகையைத் தர முடியாதாம்.

"எந்த மெஷின்? எனக்கு ஊசியிலே நூல் கோக்கவே கண்ணு தெரியாது!" என்று அம்மா கத்தியதில் கியூவே திரும்பிப் பார்த்தது. எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

மேனேஜர் உள்ளே அழைத்து விண்ணப்பத்தைக் காட்டினார். எங்கள் ரேஷன் கார்டின் நகல். கீழே மலையாளத்தில் அம்மாவின் பெயர்.

"அம்மா தமிழிலேதான் கையெழுத்துப் போடுவா. நகைக்கடன் பேப்பரைப் பாருங்கோ" என்றேன்.

"ரெண்டு பாஷையிலும் போடறவா உண்டு மோளே. மூணு நோட்டீஸ் அயச்சோம். அம்மா ஏன் ஒரு பதிலும் தரலே?"

அம்மா புடவைத் தலைப்பைத் திருகினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "எனக்கு மலையாளம் பேசத்தான் தெரியும் சாரே. ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமும் மலையாளப் பேப்பரை விரித்துவைத்து உட்காருவாளே! கல்யாணமாகிக் கேரளத்துக்கு வந்த நாளிலிருந்து, பெற்ற பெண்ணான எனக்குக்கூடத் தெரியாமல் மறைத்திருக்கிறாள். நோட்டீஸ் வந்தபோதெல்லாம் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் கொண்டுபோயிருக்கிறாள். "வோட்டர் லிஸ்ட் காரியமாக்கும், களஞ்சுடுங்கோ" என்று குப்பையில் போடச் சொன்னாளாம் சேச்சி. எங்கள் கார்டும் மண்ணெண்ணெய் வாங்க அடிக்கடி அவளிடம்தான் போகும்.

மேனேஜர் புகாரை எழுத்தில் கேட்டார். "நான் நெனச்சா மட்டும் இந்தக் கடனை அழிக்க ஒக்காது. விசாரிச்சு மேலாபீசுக்கு அயக்கணும்." நான் எழுதினேன், அம்மா தமிழில் கையெழுத்திட்டாள்.

மறுநாள் வங்கி ஆள் வந்தார். மெஷின் சேச்சி வீட்டில் இருந்தது. அதில் பாதி தைத்தபடி, நாங்களே தைக்கக் கொடுத்திருந்த என் கல்யாண ரவிக்கை! அவள் புருஷனுக்கு வங்கியில் பழைய பாக்கி இருந்ததால் அவள் பெயரில் கடன் கிடைக்காதாம். பொய்க் கையெழுத்துப் போட்டதைச் சேச்சி அழுதுகொண்டே ஒப்புக்கொண்டு, கடனைத் தானே அடைப்பதாக எழுதிக் கொடுத்தாள். கடன்காரி, நன்றாக அழட்டும் என்றுதான் நினைத்தேன். அம்மாவோ, "வயித்துப் பாட்டுக்குப் பண்ணிட்டா, பாவம். என்கிட்ட கேட்டிருந்தா ஜாமீன் நின்னிருப்பேனே" என்று அவளோடு சேர்ந்து அழுதாள். அந்த ரவிக்கையையும் சேச்சியேதான் தைத்து முடித்தாள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் சங்கிலி வந்தது. கூடவே, கடன் கணக்கிலிருந்து அம்மாவின் பெயரை நீக்கியதாக மலையாளத்தில் ஒரு கடிதம். வழக்கம்போல அதைப் பிரித்துக் கண்ணோட்டினாள். பிறகு என் பக்கம் நீட்டினாள்.

"நீ வாசி. மெதுவா வாசி, எழுத்தைத் தொட்டுக் காட்டிண்டு."