வணக்கம் சொன்ன பெண்ணுக்கு எக்ஸ்ரே

விசாரணை மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: ஊரில் உள்ள கேள்வியெல்லாம் ஒரே நேரத்தில் நம்மிடம் வரும், பதில் தெரிந்தவர் அப்போதுதான் டீ குடிக்கப் போயிருப்பார்.

நான் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாசல் ஹாலில் 'விசாரணை' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவள். பக்கத்து நாற்காலியில் ஷமீம். ரயில் நிலையத்திலோ பேங்கிலோ இதே போன்ற நாற்காலியில் தொண்டை வற்றிப்போன சகோதர சகோதரிகளே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

கையைப் பார்த்தே வழி

எங்கள் மேசைக்கு யாரும் வாயால் பேசிக்கொண்டு வருவதில்லை. முன்னால் நிற்பவர் வாயைத் திறப்பதற்குள் அவர் தோளுக்கு மேலே நாலு கைகள் நீளும், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. அதனால் நாங்கள் முகத்தைப் பார்ப்பதை விட்டுக் கையைப் பார்க்கப் பழகிவிட்டோம். தடித்த பழைய ஃபைல் என்றால் ரிவியூ, நேராக ஓ.பி.க்கு. பெரிய கவர் என்றால் ஸ்கேன் ரிப்போர்ட் காட்ட வந்தவர். சின்ன சீட்டும் மடக்கிய முழங்கையும் என்றால் லேபிலிருந்து திரும்புகிறவர். புத்தம் புதிய பிளாஸ்டிக் ஃபைலும் திருதிருவென்ற முழியும் என்றால் புதுப் பதிவு.

இந்த முறையில் எனக்கு அசாத்திய நம்பிக்கை. ஒருநாள் முழங்கை வரை துணி சுற்றிய கையோடு குடியாத்தத்துக்காரர் ஒருவர் வந்தார். நான் அவரை வாய் திறக்க விடாமல் வீல்சேரைக் கூப்பிட்டு, "எமர்ஜென்சி, இடது பக்கம்" என்று உட்காரவைத்தும் விட்டேன். அவர் சங்கடத்தோடு சுற்றியதைப் பிரித்துக் காட்டினார்.

"அடியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. லுங்கி சாம்பிள். மேல வார்டுல இருக்கற சொந்தக்காரர் எடுத்தாரச் சொன்னார்."

அவள் வந்தாள்

ரேவதியின் கதையை முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத்தான் அன்றைக்குத் தெரியவில்லை, உங்களுக்காவது தெரியட்டும். கலவை பக்கத்துக் கிராமம். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்த வேலையை விட்டுவிட்டு, எங்கள் ஆஸ்பத்திரியில் சேர வந்திருந்தாள். அன்று மாலை நாலு மணிக்குள் ஆள் எடுக்கும் பர்சனல் ஆபீஸில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளுக்கு வேலை போய்விடும். அந்த ஆபீஸோ கேன்டீனுக்குப் பின்னால், பலகைகூட இல்லாத ஒரு கட்டடத்தில் இருக்கிறது. அது எங்கே என்று கேட்கத்தான் எங்களிடம் வந்தாள்.

வந்தவள் இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம்" என்றாள். அவ்வளவுதான். ஹாலில் அத்தனை கூட்டத்தை அவள் அதற்குமுன் திருவிழாவில்தான் பார்த்திருப்பாள். நான் கையைப் பார்த்தேன். புத்தம் புதிய பிளாஸ்டிக் ஃபைல், உள்ளே ஆதார் கார்டு.

"புதுப் பதிவா?" என்றேன். பயத்தில் தலையாட்டினாள். "மூணாவது கவுண்டர். அடுத்தது!"

மூணாவது கவுண்டரில் ஆதாரை வாங்கி, கேமராவில் போட்டோ எடுத்து, நோயாளி அட்டையும் போட்டுவிட்டார்கள். என்ன தொந்தரவு என்று கேட்டதற்குப் பதில் வராததால் பொது மருத்துவம் என்று பதிந்தார்கள். கவுண்டர்காரர் அன்றைக்கு மத்தியானம் எங்களிடம் பெருமையாகச் சொன்னது இது:

"ஒரு கேள்வி கேக்கல, ஒரு சண்டை போடல. எல்லாப் பேஷண்டும் இப்படி இருந்தா இன்னா பேஜார் நமக்கு?"

மறுபடியும் வணக்கம்

சிறிது நேரத்தில் அட்டையோடு திரும்பி வந்து ஷமீமிடம் வணக்கம் சொன்னாள். ஷமீமுக்கு அட்டையைப் பார்த்ததும் வேறென்ன தோன்றும்? "ரெண்டாவது மாடி, லிஃப்ட்ல போம்மா. அங்க நர்ஸ் கிட்ட அட்டையைக் குடுத்துட்டு உக்காரு, பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க" என்று அன்பாகவே அனுப்பிவைத்தாள்.

மேலே உயரம், எடை, பிரஷர் எல்லாம் பார்த்தார்கள். பயத்தில் நாடி குதிரையாக ஓடியிருக்கிறது. டாக்டர் என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். கிடைத்தது ஒரே பதில், "வணக்கம் டாக்டர்". ஒல்லியான பெண், படபடப்பு, பேச்சும் வரவில்லை. எந்த டாக்டராக இருந்தாலும் ரத்தமும் எக்ஸ்ரேயும் எழுதத்தான் செய்வார். ரத்தம் எடுத்தபோது மட்டும் அவள் வாய் திறந்தாளாம். லேபில் இருக்கும் பெண் சொன்னாள்:

"'நான் பேஷண்ட் இல்லக்கா'ன்னுச்சு. ஊசியைப் பாத்தா எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க?"

பதில் வணக்கம்

மூன்று மணி தாண்டியதும் எங்கள் ஹால் கொஞ்சம் மூச்சு விடும். அப்போது அவள் மறுபடியும் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. முழங்கையில் பஞ்சு, கையில் எக்ஸ்ரே கவர், ஃபைலுக்குள் ரத்த ரிப்போர்ட். "வணக்கம்" என்றாள்.

தோளுக்கு மேலே எந்தக் கையும் நீளாததால் எனக்கு அன்றைக்கு முதல்முறையாக அவள் முகம் தெரிந்தது. என்னையறியாமல் நானும் கைகூப்பி, "வணக்கம்மா" என்றேன்.

குழாயைத் திறந்துவிட்டதுபோலப் பேச ஆரம்பித்தாள். ஷூ கம்பெனி, வேலை, நாலு மணி, பர்சனல் ஆபீஸ், எல்லாம் ஒரே மூச்சில். அதுவும் எங்கள் மேசையிலேயே, போனில் விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலைக்கு எடுத்த ஆள் அவள்தான்! ஷமீம் கேட்டாள், "அடிப் பாவி, இன்டர்வியூல எப்படிப் பேசின?"

"அது போன்ல நடந்ததுக்கா. நான் ஹலோன்னா அவங்களும் ஹலோன்னாங்க, பேசிட்டேன். இங்க நான் வணக்கம் சொன்னா யாரும் திருப்பிச் சொல்லல. எங்க ஊர்ல பதில் வணக்கம் வராம மேல பேச மாட்டாங்க, வரலன்னா நம்மகிட்ட பேச இஷ்டம் இல்லன்னு அர்த்தம்."

நாலு மணிக்கு முன்னால்

மேசையை ஷமீமிடம் விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கேன்டீன் வழியாகப் போனால் சீக்கிரம், இட்லித் தட்டுகளுக்கு நடுவே புகுந்து போனோம். என்னால் ஒரு பெண்ணுக்கு வேலை போய்விட்டால் அந்த நாற்காலியில் நான் எப்படி உட்காருவேன்?

பர்சனல் ஆபீஸர் கடிகாரத்தைப் பார்த்தார். "காலைல வரச் சொன்னா இப்ப வர்றீங்க. மெடிக்கல் செக்கப் முடிக்காம சேர்க்க முடியாதும்மா. உயரம், எடை, பிரஷர், ரத்தம், எக்ஸ்ரே, அதுக்கே ஒரு நாள் ஆகும். அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கறேன்."

ரேவதி தன் ஃபைலை நீட்டினாள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் இருந்தது, எல்லாம் நார்மல். அவர் நம்பாமல் பொது மருத்துவத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் டாக்டரின் குரல் எங்களுக்கும் கேட்டது. "யாரு, அந்த வணக்கம் பொண்ணா? உடம்புக்கு ஒண்ணுமே இல்ல சார். ஃபிட்னு எழுதி அனுப்பறேன், சேத்துக்கோங்க."

ரேவதி கையெழுத்துப் போட்டாள். ஆபீஸர் என்னைப் பார்த்து இப்படிப் பாராட்டினார்; நடந்த உண்மையை நான் இன்றுவரை அவரிடம் விளக்கவில்லை.

"வந்த அன்னிக்கே எல்லாம் முடிச்சு அனுப்பியிருக்கீங்களே, விசாரணைன்னா இதாங்க விசாரணை!"

இப்போதெல்லாம் எங்கள் மேசைக்கு யார் வந்தாலும், எத்தனை கை நீண்டாலும், முதலில் நாங்களே வணக்கம் சொல்லிவிடுகிறோம்; மரியாதைக்காக என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் சந்தோஷம், ஆனால் உண்மையில் தபால் கொடுக்க வந்தவருக்கு ரத்தம் எடுத்துவிடுவோமோ என்ற பயம்தான்.