விளம்பரத்துக்குள் இருந்த ஆள்

எங்கள் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் கள உத்தியோகத்தர் கட்டாருக்குப் போய் இரண்டு கிழமை ஆகியும், அவருடைய கதிரையில் யாரும் இருக்கவில்லை. இருக்கக் கூடாதென்று முகாமையாளர் சொல்லவில்லை. ஆனால் யாராவது அதை இழுத்தால் நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வையே போதும்; நாங்கள் நின்றுகொண்டே கதைத்துவிட்டுப் போவோம்.

தண்ணீரூற்றுக்குக் கிட்ட, பிரதான வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது எங்கள் அலுவலகம். இரண்டு அறை, பக்கத்தில் பால் சேகரிக்கும் கொட்டில். முகாமையாளர், நான், கொட்டிலில் பால் பரிசோதிக்கும் அக்கா, பளையிலிருந்து வந்து தங்கி வேலை செய்த கள உத்தியோகத்தர்: நான்கு பேர்தான். அதில் ஒருவர் போனால் கால்வாசிச் சங்கம் போன மாதிரி.

கள உத்தியோகத்தர் என்றால் வெளியில் திரிகிற வேலை. மாடு வளர்க்கிற வீடுகளுக்குப் போக வேண்டும். பால் தண்ணியாக வந்தால் ஏன் என்று விசாரிக்க வேண்டும். மடி வீங்கிய மாட்டைக் கண்டால் மிருக வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். இதையெல்லாம் அவர் சிரித்துச் சிரித்தே செய்தார். அவர் போனபின் முதலாவது கிழமையே, “உங்கட தம்பி எங்க?” என்று கேட்டு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை முகாமையாளர் ஒரு தாளை என் மேசையில் வைத்தார்.

“தங்கச்சி, விளம்பரம் எழுதிப்போட்டன். எழுத்துப் பிழை இருக்கோ எண்டு மட்டும் பாருங்கோ. புதன்கிழமை பேப்பருக்கு அனுப்ப வேணும்.”

தமிழில் நான் கெட்டிக்காரி என்று சங்கத்தில் தமிழ்த் தாள் எல்லாம் என்னிடம்தான் வரும். பள்ளிக்கூடத்தில் மற்றப் பாடங்களில் நான் எப்படியிருந்தேன் என்று யாரும் கேட்பதில்லை.

எழுத்துப் பிழை மூன்றுதான். ஆனால் இரண்டாம் முறை வாசித்தபோது வேறு பிழைகள் தெரிந்தன. “துடிப்புள்ள திடகாத்திரமான இளைஞன் தேவை” என்று தொடங்கியது. முப்பது வயதுக்கு உட்பட்டவனாக இருக்க வேண்டும். சொந்த மோட்டார் சைக்கிள் வேண்டும். போதிய அனுபவம், நல்ல கணினி அறிவு, கம்பீரமான குரல், எந்த நேரமும் எங்கும் செல்லத் தயாரான மனம். மேலே சம்பளம் அறுபதாயிரம் ரூபா என்று இலக்கத்தில் இருந்தது. கீழே ஐம்பத்திரண்டாயிரம் என்று எழுத்தில் இருந்தது. விண்ணப்ப முடிவு மேலே இருபதாம் திகதிக்கு முன்னர், கீழே இருபத்தைந்தாம் திகதி மாலை நான்கு மணி வரை. நேர்முகப் பரீட்சையோ இருபத்துநான்காம் திகதி.

தாளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

“அண்ணை, இருபத்தஞ்சு வரைக்கும் விண்ணப்பம் எடுக்கிறம். இருபத்துநாலு நேர்முகம். கடைசி நாள் போடுறவர் எப்ப வாறது?”

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பழைய விளம்பரத்தில இருந்து கீழ்ப் பாதியை எடுத்தனான். திகதியை மாத்த மறந்து போனன்.”

“இருபத்தஞ்சு போயா, பூரணை லீவு. கந்தோரும் பூட்டு.”

“சரி சரி, இருபது.”

“இருபதுக்கு முன்னர் எண்டால் பத்தொன்பதோட முடிஞ்சுதெண்டு சில பேர் நினைப்பினம். இருபதாம் திகதி வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள்ள கிடைக்க வேணும் எண்டு போடுவம். தபாலில வந்தாலும் சரி, நேரில தந்தாலும் சரி.”

தலையை ஆட்டினார். சம்பளத்துக்கு நாங்கள் இருவரும் ஊகிக்காமல் கூட்ட அறிக்கைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். நிர்வாகக் குழு தீர்மானித்திருந்தது அடிப்படைச் சம்பளம் ஐம்பத்திரண்டாயிரம், எரிபொருள் கொடுப்பனவு எட்டாயிரம். அவர் மேலே இரண்டையும் கூட்டி எழுதிவிட்டார், கீழே கூட்டாமல் எழுதிவிட்டார். இரண்டும் சரிதான். ஆனால் வாசிக்கிறவருக்கு நாங்கள் ஏமாற்றுகிற ஆட்கள் போலத் தெரியும். இரண்டையும் வேறு வேறாக, எது எதற்கென்று எழுதினோம்.

அதுவரைக்கும் அவர் நல்லாக ஒத்துழைத்தார். “இளைஞன்” என்ற சொல்லில் என் பேனை நின்றபோதுதான் முகம் மாறியது.

“அதில என்ன பிழை?”

“பொம்பிளையள் போடேலாதோ?”

“ஆர் போட வேண்டாமெண்டது? இருபாலாரும் விண்ணப்பிக்கலாம் எண்டு அடியில ஒரு வரி போட்டுவிடுங்கோ.”

“மேல இளைஞன் எண்டு கூப்பிட்டுப்போட்டு அடியில வாங்கோ எண்டால் ஆர் அண்ணை அடி வரைக்கும் வாசிப்பினம்?”

“நீங்கள் சும்மா பெரிசாக்கிறியள். ஆக்களுக்கு விளங்கும்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் அப்படியான மனிதர் இல்லை. என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மத்தியானத்தோடு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என் கடிதங்களையும் தானே அடிப்பவர். அதனால் வாதாடாமல் கொட்டில் பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன்.

“அக்கா, ஒருக்கா வாங்கோ. இதை வாசிச்சுப் பாருங்கோ.”

பால் பரிசோதிக்கும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தா. எட்டு வருடமாக அவாதான் காலையில் வரும் ஒவ்வொரு வாளிக்குள்ளும் பால்மானியை விட்டுப் பார்க்கிறவா. எந்த வீட்டுப் பால் எந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று அவாவுக்குத் தெரியும். ஒழுங்கைகள் எல்லாவற்றிலும் ஸ்கூட்டியில் திரிகிறவா. தாளை முழுவதும் வாசித்தா. முகாமையாளர் கதிரையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல வேலை. என்ர தங்கச்சியின்ர மகனுக்குச் சொல்லட்டோ? ஆனா அவனுக்கு மாடெண்டால் பயம்.”

அவ்வளவுதான். தாளைத் தந்துவிட்டுக் கொட்டிலுக்குத் திரும்பிவிட்டா.

முகாமையாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அவா தனக்கெண்டு நினைக்கவே இல்லை, என்ன?”

“இல்லை அண்ணை.”

அப்போதுதான் நான் அந்தத் தாளை இன்னொரு கண்ணால் பார்த்தேன். சொந்த மோட்டார் சைக்கிள் எதற்கு? சங்கத்தின் மோட்டார் சைக்கிள் கொட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா நின்றது. போனவர் தன்னுடையதில்தான் ஓடுவார் என்று அடம்பிடித்ததால் அது அங்கே நின்றது. கம்பீரமான குரல் யாருடையது? வாசலில் நின்று அவர் “அம்மோய்!” என்று கூப்பிட்டால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். இது வேலைக்கான விளம்பரம் இல்லை. எங்கள் முகாமையாளர் போன ஆளை அப்படியே எழுதி, அதே ஆளைத் திரும்ப அனுப்பச் சொல்லிப் பேப்பருக்குக் கொடுக்கப் பார்த்திருக்கிறார்.

“அண்ணை, அவரையே கேப்பம்,” என்றேன்.

கட்டாரில் அவருக்கு அன்று ஓய்வு நாள் இல்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் வட்ஸ்அப்பில் எடுத்தார். தாளைப் படம்பிடித்து அனுப்பியிருந்தோம். முதலில் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

“அண்ணை, உந்த வேலைக்கு நானே போடேலாது. நான் சேரேக்க எனக்கு முப்பத்துநாலு வயசு. அனுபவமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கணினி நல்லாத் தெரியுமெண்டு ஆர் சொன்னது? பால் பாக்கிற அக்காதானே எனக்கு அந்த எக்ஸல் பழக்கினவா!”

“குரல்?” என்று கேட்டேன்.

“அது நாய்க்குப் பயத்தில. உள்ள போக முந்திச் சத்தம் போட்டுப் பாக்கிறது.”

முகாமையாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது. அவர் சட்டைக் கையால் துடைத்ததை நான் காணாதவள் போல இருந்தேன்.

“சரியடாப்பா, அப்ப நீ உண்மையில என்ன செய்தனீ? சொல்லு, எழுதுறம்,” என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கிழமைக்கு நாலு நாள் வீடுகளுக்குப் போனது. பால் அளவுகளை ஒவ்வொரு நாளும் எக்ஸலில் பதிந்தது. பால் வாளி கழுவும் முறை காட்டிக்கொடுத்தது. வைத்தியருக்கு அறிவித்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூட்டம் வைத்தது. எந்த நேரமும் எங்கும் என்று ஒன்றும் இருக்கவில்லை. காலை ஆறரைக்குத் தொடங்கி இரண்டரைக்கு முடிகிற வேலை.

பின்னேரம் புதிதாக அடித்தேன். போதிய அனுபவம் போய், மாடு வளர்ப்பில் அல்லது பால் சேகரிப்பில் ஒரு வருடம் என்று வந்தது. வீட்டு மாடு பார்த்ததும் அதற்குள் அடங்கும் என்று சேர்த்தோம். நல்ல கணினி அறிவு போய், எக்ஸலில் அளவுகளைப் பதியத் தெரிந்திருக்க வேண்டும் என்று வந்தது. சொந்த மோட்டார் சைக்கிள் போய், செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரம். வாகனம் சங்கம் தரும். மேல் வயதெல்லை போனது. “செல்பவனாக”, “பழகுபவனாக” எல்லாம் “செல்லக்கூடியவர்”, “பழகக்கூடியவர்” ஆனது. பெண்களும் ஆண்களும் விண்ணப்பிக்கலாம் என்ற வரி அடியிலிருந்து இரண்டாவது வரிக்கு ஏறியது. குரலை முகாமையாளரே பேனையால் வெட்டினார்.

செவ்வாய்க்கிழமை ஒவ்வொரு வரியாக இருவரும் வாசித்து ஒப்பிட்டோம். திகதி, கிழமை, சம்பளம், விலாசம் எல்லாம் சரி. எனக்குக் கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது. புதன்கிழமை காலை மின்னஞ்சல் அனுப்பப் போகிற நேரம் முகாமையாளர் என் மேசைக்கு வந்தார். முகத்தில் அடக்க முடியாத சந்தோசம்.

“தங்கச்சி, இப்ப நாங்கள் கள்ளனையோ தேடுறம்?”

விளங்காமல் பார்த்தேன். அவர் தலைப்பில் விரலை வைத்தார். பெரிய, தடித்த எழுத்தில் நான் அடித்திருந்தேன்: “கள்ள உத்தியோகத்தர் தேவை”.

சண்டை பிடித்த வரிகளை எல்லாம் பத்துத் தரம் வாசித்திருந்தேன். தலைப்பை ஒருதரமும் வாசிக்கவில்லை. அவர் அன்று முழுவதும் வருகிறவர் எல்லோருக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன், வேறு வழி?

விளம்பரம் சரியாக வெளிவந்தது. அறிவிப்புப் பலகையிலும் ஒரு பிரதி ஒட்டினோம். அன்று மத்தியானம் அக்கா அதற்கு முன்னால் நிற்பதை யன்னலால் கண்டேன். வாசித்தா, போனா, திரும்பி வந்து இன்னொரு தரம் வாசித்தா. பிறகு உள்ளே வந்து, “தங்கச்சி, நாப்பத்தொண்டு வயசெண்டால்?” என்று மெல்லிய குரலில் கேட்டா.

“வயசைப் பற்றி ஒண்டும் போடேல்லை அக்கா.”

“பாத்தனான். அதுதான் கேக்கிறன்.”

பதினாறு விண்ணப்பம் வந்தது, ஐந்து பெண்களுடையது; அதில் ஒன்று அக்காவுடையது. நேர்முகத்தை முகாமையாளர் நடத்தவில்லை. அக்காவைத் தெரிந்தவர் என்று தானே விலகிக்கொண்டு நிர்வாகக் குழுவிலிருந்து மூன்று பேரை இருத்தினார். அன்று முழுவதும் கொட்டிலுக்குள் நின்று வாளிகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ண வேண்டிய வாளி ஒன்றும் இருக்கவில்லை. பின்னேரம் குழுத் தலைவர் வந்து அக்காவின் பெயரைச் சொன்னபோது, “நல்லது,” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் சங்கத்து மோட்டார் சைக்கிளின் தூசியைத் துடைக்கத் தொடங்கினார்.

முதல் நாள் அக்கா வெள்ளைத் தலைக்கவசத்தோடு ஆறு மணிக்கே வந்து நின்றா. எந்தப் பக்கம் முதலில் போகிறா என்று கேட்டேன். மூன்று மாதமாகப் பால் மெலிந்து வருகிற ஒரு வீட்டைச் சொன்னா. கொட்டிலுக்குள் நின்று அந்தப் பாலைத்தான் பார்த்தாவாம். அந்த மாட்டை ஒருநாளும் பார்க்கவில்லையாம்.

“இண்டைக்குப் பாத்துப்போட்டு வாறன்,” என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தா.